கருவாட்டுக்கு மதுரை விலை, பட்டறைக்கு வரி: ஜிஎஸ்டி கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

ஜிஎஸ்டி கவுன்சிலின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், தமிழ்நாடு வணிகவரித் துறைக்கும் வணக்கம்.

பாம்பன் பக்கம் விசைப்படகு இன்ஜின்களுக்கு ஓவர்ஹால் செய்யும் சிறு பட்டறை என்னுடையது. நானும் இரண்டு பையன்களும் வேலை பார்க்கிறோம். செய்த வேலைக்கு ஒரு பகுதி பணமாகவும் ஒரு பகுதி கருவாடாகவும்தான் எனக்கு வரும். போன வருடக் கணக்கை வைத்து எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. வாங்காத பணத்துக்கு வரி கேட்கிறார்கள் என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு சட்டத்தையும் விதியையும் எடுத்து வரி வரியாகப் படித்தேன். அதில் பாதிக் கோபம் தணிந்தது. மீதிப் பாதி இன்னும் கெட்டியாகிவிட்டது. அந்த மீதிக்குத்தான் இந்த மடல்.

தணிந்த பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பண்டமாற்றுக்கு வரி கூடாது என்று நான் கேட்கவில்லை. 2017-ஆம் ஆண்டு மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 7-ஆம் பிரிவு, விற்பனை, வாடகை, குத்தகை ஆகியவற்றோடு பண்டமாற்றையும் பரிவர்த்தனையையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. சேர்க்கத்தான் வேண்டும். பணம் கைமாறவில்லை என்றால் வரி இல்லை என்று எழுதிவைத்தால், மறுநாளே இந்தக் கடற்கரையில் ஒருவரும் பணத்துக்கு வேலை செய்திருக்க மாட்டோம். எல்லா பில்லிலும் மீன்தான் இருக்கும். உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், ரொக்கத்துக்கு விற்றதையே "மாற்றுச் சரக்கு" என்று எழுதலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார். ஆகவே அந்தக் கதவை நீங்கள் அடைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை.

இன்னொன்று. நோட்டீஸ் செய்தி பரவியதும் எங்கள் தெருப் பெண்கள் பயந்துபோனார்கள். "அண்ணே, மிக்சியைச் சரிபண்ணிக் கொடுத்ததற்குக் கறிமீன் கொடுத்தேனே, அதற்கும் வரியா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை. தொழிலாகச் செய்வதைத்தான் சட்டம் பிடிக்கிறது. அக்கம்பக்கத்துக் கொடுக்கல் வாங்கலை அல்ல. இதை ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்து மீன் ஏலம் போடும் இடத்தில் ஒட்டினால் பலருக்கு நிம்மதியாக இருக்கும்.

இனி என் கணக்கு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் கிடக்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் இன்ஜினைப் பிரிக்க முடியும். லைனர், பிஸ்டன் ரிங், பேரிங், நாசில் எல்லாவற்றையும் மாற்ற முடியும். படகுக்காரரிடம் பணம் இல்லாததும் அதே இரண்டு மாதம்தான். எனக்கு வேலை குவியும்போது அவருக்கு வரவு நின்றுவிடுகிறது. இந்த முரண்பாட்டுக்குக் கடற்கரை கண்டுபிடித்த வழி, பாதி பணம் பாதி சரக்கு. உதிரிபாகத்துக்கு ஆகும் தொகையில் பெரும்பங்கை எப்படியாவது புரட்டித் தந்துவிடுவார்கள். மீதிக்கு, "தடை முடிந்து ஓடத் தொடங்கியதும் கருவாடாகத் தருகிறேன், அண்ணே" என்பார்கள். பிடிபடும் இறாலைத் தர மாட்டார்கள். அது ஏற்றுமதி ஏஜென்டுக்கு, முன்பணம் வாங்கிய கணக்கில் போய்விடும். எனக்கு வருவது வாளையும் காரலும், உப்பிட்டுக் காய்ந்தது.

என்னிடம் ஒரு நீளமான பேரேடு இருக்கிறது. பாதிப் பக்கங்களில் கிரீஸ் கைரேகை. மே மாதத்துப் பக்கம் ஒன்றில் இப்படி இருக்கிறது: ஆறு சிலிண்டர் இன்ஜின், முழு ஓவர்ஹால், உதிரிபாகம் 52,000, கூலி 28,000, ஆகமொத்தம் 80,000. ரொக்கம் 40,000. பாக்கி 40,000-க்கு வாளைக் கருவாடு 250 கிலோ, கிலோ 160 என்று பேச்சு. அதன் கீழே படகுக்காரர் கையெழுத்து.

ஆகஸ்டில் மூட்டைகள் வந்தன. இடம் இல்லாமல் பட்டறைப் பரணில் போட்டுவைத்தேன். மூன்று வாரம் கழித்து வியாபாரி வந்து தராசில் ஏற்றியபோது 250 கிலோ 234 கிலோவாக நின்றது. கருவாடு காயக் காய எடை இறங்கும். இது யாருடைய திருட்டும் இல்லை, வெயிலின் வேலை. கிலோ 166-க்கு எடுத்துக்கொண்டு 38,844 ரூபாய் கொடுத்தார். 40,000 ரூபாய் பாக்கிக்கு எனக்குக் கடைசியில் கிடைத்த பணம் அவ்வளவுதான்.

என் கணக்கைச் சரிபார்த்த அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார். அவரிடம் தனிப்பட்ட குறை எனக்கு இல்லை. பேரேட்டைப் பார்த்தார். "160 ரூபாய் என்பது நீங்கள் இருவரும் பேசிக்கொண்ட விலை, சார். சட்டம் சந்தை மதிப்பைத்தான் கேட்கிறது" என்றார். மதுரையில் ஒரு கடையில் வாளைக் கருவாடு கிலோ 300 என்று விசாரித்து வைத்திருந்தார். 250 கிலோவை 300-ஆல் பெருக்கினால் 75,000. ரொக்கம் 40,000. ஆக, என் ஓவர்ஹாலின் மதிப்பு 1,15,000 ரூபாய் ஆகிவிட்டது.

அந்த 300 ரூபாயில் என்னென்ன இருக்கிறது என்று அவருக்குச் சொன்னேன். தலை கிள்ளி, சுத்தம் செய்து, உடைந்ததைக் கழித்து, லாரி வாடகை, கமிஷன், கடை வாடகை எல்லாம் ஏறிய பிறகு கால் கிலோவாக நிறுத்துப் போடும் விலை அது. பாம்பனில் மூட்டையாகக் கிடக்கும் கருவாட்டுக்கு அந்த விலையை யாரும் தர மாட்டார்கள். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். எண்ணை மட்டும் மாற்றவில்லை.

ஆனால் கருவாட்டுக்கு எந்த ஊர் விலை என்ற அந்த வாதத்துக்கே நான் போயிருக்க வேண்டியதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஜிஎஸ்டி விதிகளில் 27-ஆம் விதிதான் பணமாக வராத பிரதிபலனை மதிப்பிடும் விதி. அது நான்கு படிகளை வரிசையாக வைத்திருக்கிறது. ஒரு படியில் விடை கிடைத்துவிட்டால் அடுத்ததற்குப் போகக் கூடாது. முதல் படி, செய்துகொடுத்த பொருள் அல்லது சேவையின் திறந்த சந்தை மதிப்பு. இங்கே சேவை என்பது என் ஓவர்ஹால். கருவாடு அல்ல! அதே வேலையை, உறவோ தொடர்போ இல்லாத ஒருவர், அதே காலத்தில், முழுக்கப் பணம் கொடுத்துச் செய்துகொண்டால் என்ன கொடுப்பார் என்பதுதான் கேள்வி. விதியின் கீழேயே ஓர் உதாரணம் தந்திருக்கிறார்கள். பழைய போனைக் கொடுத்துவிட்டு 20,000 ரூபாய்க்குப் புதிய போன் வாங்குகிறார் ஒருவர். பழைய போன் தராமல் வாங்கினால் புதியதன் விலை 24,000. வரிக்கான மதிப்பு 24,000. பழைய போன் பர்மா பஜாரில் என்ன விலை போகும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

என் ஓவர்ஹாலுக்கு அந்த விடை கையிலேயே இருக்கிறது. அதே மே மாதத்தில் அதே வகை இன்ஜின் மூன்றுக்கு முழு ரொக்கம் வாங்கிச் செய்திருக்கிறேன். பில்கள் 79,000, 80,000, 82,000. சரக்காகத் தருபவருக்கு நான் கூட்டியும் போடுவதில்லை, குறைத்தும் போடுவதில்லை. முதல் படியிலேயே விடை கிடைத்துவிட்டது. 80,000 ரூபாய். இந்தக் கடற்கரையில் அந்த வேலைக்கு 1,15,000 ரூபாய் கொடுப்பவர் ஒருவர் இருந்தால் அவரை எனக்கு அறிமுகம் செய்துவையுங்கள்.

அலுவலர் நேராக இரண்டாவது படிக்குப் போய்விட்டார். ரொக்கத்தோடு, சரக்காக வந்த பகுதியின் பண மதிப்பைக் கூட்டுவது அந்தப் படி. அதற்கும் விதி ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது: அந்தப் பண மதிப்பு, சேவை வழங்கப்பட்ட நேரத்தில் தெரிந்திருந்தால் மட்டுமே. நான் இன்ஜினைப் பூட்டிக் கொடுத்தது மே மாதம். அந்த வாளை அப்போது கடலில் நீந்திக்கொண்டிருந்தது. அப்போது தெரிந்த ஒரே விலை எங்கள் பேரேட்டில் இருந்த 160 ரூபாய். அதை வைத்துக் கூட்டினாலும் அதே 80,000-தான் வரும். ஆகஸ்டில் மதுரைக் கடையில் கேட்ட 300 ரூபாய், மே மாதத்தில் தெரிந்த விலை எப்படி ஆகும்?

ஒரு படகுக்கு இதனால் வரும் வித்தியாசம் பெரிதல்ல என்று நீங்கள் சொல்லலாம். படகு பழுதுபார்ப்புக்கு வரி 5 சதவீதம். 2021 ஜூன் 2-ஆம் தேதிக்கு முன் 18 சதவீதமாக இருந்ததைக் குறைத்தது இந்தக் கவுன்சில்தான், அதற்கு நன்றி. 80,000-க்கு 4,000, 1,15,000-க்கு 5,750. படகுக்கு 1,750 ரூபாய் கூடுதல். சரக்குப் பாக்கி வைத்த படகுகள் 13. மொத்தம் 22,750 ரூபாய். கடன் வாங்கியாவது கட்டிவிடலாம். ஆனால் அந்த ஏற்றிய மதிப்பு வரியோடு நிற்கவில்லை. நான் ஜிஎஸ்டி பதிவு எடுத்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்ற கணக்குக்குள்ளும் அது புகுந்துவிட்டது. என் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான்.

பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. சேவையும் செய்பவருக்கு அந்த வரம்பு 20 லட்சம். அடுத்த கடையில் வலை விற்கும் என் மச்சானுக்கு 40. ஸ்பேனர் பிடிக்கும் எனக்கு 20. போகட்டும். போன நிதியாண்டில் ரொக்கமாக வந்தது 11,60,000. சரக்காக வந்தது, பேரேட்டு விலைப்படி, 5,20,000. ஆகமொத்தம் 16,80,000. 20 லட்சத்துக்குள் இருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்தேன்.

நோட்டீஸில் என் ஆண்டு விற்றுமுதல் 26,40,000 என்று இருக்கிறது. கூட்டிப் பார்த்தேன். ரொக்கம் 11,60,000. சரக்கை மதுரை விலையில் மாற்றினால் 9,75,000. மூன்றாவதாக ஒரு தொகை, 5,05,000. அது என்ன என்று விளங்க ஒரு நாள் ஆயிற்று. வந்த கருவாட்டை வியாபாரியிடம் விற்றேனே, அந்தப் பணம்.

மதுரை விலையைத் தள்ளிவிட்டுப் பார்ப்போம். அப்போதும் 16,80,000-த்தோடு 5,05,000 சேர்ந்து 21,85,000 ஆகிறது. 20 லட்சத்தைத் தாண்டிவிட்டேன். இங்கே நான் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: சட்டம் இந்த இடத்தில் அலுவலர் பக்கம் இருக்கிறது. மொத்த விற்றுமுதல் என்றால் வரியுள்ள விற்பனையும் வரிவிலக்குள்ள விற்பனையும் சேர்ந்ததுதான். பொதி கட்டி லேபிள் ஒட்டாத கருவாட்டுக்கு வரி கிடையாது. ஆனால் வரம்புக் கணக்கில் அது சேரும். கருவாடு மட்டுமே விற்பவர் எத்தனை லட்சம் விற்றாலும் பதிவு எடுக்க வேண்டாம். இன்ஜின் ரிப்பேரும் செய்கிற நான் விற்றால் அது என் தலையில் ஏறும்.

ஆனால் நடந்தது என்ன? நான் கருவாட்டு வியாபாரி அல்ல. என் கூலி கருவாடாக வந்தது. அதை அரிசியும் பள்ளிக்கூடக் கட்டணமும் ஆக்க ஒருமுறை விற்றாக வேண்டும். படகுக்காரர் 40,000 ரூபாயைப் பணமாகத் தந்திருந்தால் என் விற்றுமுதல் 40,000 மட்டும். சரக்காகத் தந்ததால் அதே கூலி ஓவர்ஹால் என்று ஒரு முறையும் கருவாடு என்று ஒரு முறையும் எண்ணப்பட்டு 78,844 ஆகிவிடுகிறது. உண்மையில் எனக்கு எடை இறங்கிய நஷ்டம். தாளில் இரட்டை வருமானம். பணம் உள்ளவரிடம் வேலை செய்தால் 20 லட்சம் வரம்பு, இல்லாதவரிடம் வேலை செய்தால் பதினேழு லட்சத்தைத் தொடும் முன்பே வரம்பு முடிந்துவிடுகிறது என்று ஆகிறது அல்லவா?

பண்டமாற்றில் இரு தரப்பும் வரி கட்டினாலும் ஒருவருக்கொருவர் உள்ளீட்டு வரி வரவு எடுத்துக்கொள்ளலாம், அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், கடைசியில் சுமை இல்லை என்று ஓர் ஆடிட்டர் எனக்கு ஆறுதல் சொன்னார். கோயம்புத்தூரில் மோட்டார் தருபவரும் காஸ்டிங் தருபவரும் மாற்றிக்கொண்டால் அது உண்மை. இங்கே எதிர்ப்பக்கம் இருப்பது மீன். மீனுக்கு வரி இல்லை. ஆகவே படகுக்காரர் நான் போடும் 5 சதவீதத்தை எதிலும் கழித்துக்கொள்ள முடியாது. அது அவர் படகிலேயே தங்கிவிடும். என் பக்கத்திலும் சிக்கல் உண்டு. பதிவு எடுத்த பிறகு நான் கருவாடு விற்றால், அந்த வரிவிலக்கு விற்பனையின் விகிதத்துக்கு, வாடகை, மின்கருவி போன்ற பொதுச் செலவுகளில் எடுத்த வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது பதிவு எடுத்துவிட்டேன். மே மாதம் முடிந்த வேலைக்கு முப்பது நாளுக்குள் பில் போட வேண்டும். மே மாதத்திலேயே பில் போட்டால் வரி ஜூன் 20-ஆம் தேதிக்குள், பணமாக. தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. தடை முடிவது ஜூன் 14. ஆறு நாளில் எந்தப் படகும் எனக்குக் கருவாடு காயவைத்துத் தந்துவிடாது. கஜானாவில் மூட்டையை இறக்கிவைக்கவும் முடியாது.

ஆகவே நான் கேட்பவை இவை.

27-ஆம் விதியின் படிகளை வரிசையாகத்தான் ஏற வேண்டும், சேவை செய்தவரின் ரொக்க வாடிக்கையாளர் பில் இருந்தால் அதுவே முதல் ஆதாரம், பிற்காலத்தில் வேறு ஊரில் கேட்ட சரக்கு விலை ஆதாரம் ஆகாது என்று ஒரு சுற்றறிக்கை வேண்டும். இதற்குச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. ஏற்கெனவே எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினால் போதும்.

இரண்டாவதற்குத் திருத்தம் வேண்டும். கூலியாக வந்த வரிவிலக்குப் பொருளை ஒருவர் அப்படியே விற்றுப் பணமாக்கும்போது, ஏற்கெனவே வேலையின் மதிப்பாக எண்ணப்பட்ட தொகை வரை அதைப் பதிவு வரம்பில் சேர்க்காதீர்கள். அதற்கு மேல் லாபம் கிடைத்தால் அந்த லாபத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கருவாட்டில் லாபம் பார்த்தவன் வியாபாரிதான். இது முன்மாதிரி இல்லாத கோரிக்கை அல்ல. சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் இணக்கவரித் திட்டத்துக்குத் தகுதி பார்க்கும்போது டெபாசிட்டுக்கு வரும் வட்டியை விற்றுமுதலில் சேர்க்க வேண்டாம் என்று சட்டத்திலேயே விளக்கம் வைத்திருக்கிறீர்கள். பேங்க் வட்டிக்குக் கிடைத்த இடம் பரணில் கிடக்கும் வாளைக்கும் கிடைக்கட்டும்.

மூன்றாவது, சரக்காகத் தருவதாகக் கையெழுத்திட்ட பகுதிக்கு மட்டும், சரக்கு வந்த மாதத்தில் வரி கட்ட அனுமதி. வராமல் ஏமாற்றினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஆறு மாதத்துக்குள் வராவிட்டாலும் கட்டியே தீர வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

என்னைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ரொக்கத்துக்குச் செய்த வேலைக்குத் துண்டுச்சீட்டு போதும் என்று இருக்காதீர்கள். இன்ஜின் வகை, மாற்றிய பாகங்கள், தேதி எல்லாம் எழுதிய பில் போடுங்கள். சரக்குப் பாக்கிக்கு எடையும் கிலோ விலையும் வேலை முடிந்த அன்றே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். என் மூன்று ரொக்க பில்கள் இல்லாமல் போயிருந்தால், 80,000 என்பது என் வாய்வார்த்தை மட்டுமாகவே இருந்திருக்கும்.

நோட்டீஸுக்கு பதில் கொடுத்துவிட்டேன். பேரேட்டின் நகலும் அந்த மூன்று பில்களும் இணைத்திருக்கிறேன். விசாரணைக்கு நாள் குறிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த தடைக்காலத்துக்கு இப்போதே நான்கு படகுக்காரர்கள் வந்து சொல்லிவைத்துவிட்டார்கள். அதில் மூவர் பாதி பணம், பாதி கருவாடு. அவர்களுக்கு என்ன தொகைக்கு பில் எழுதுவது என்பதை ஏப்ரல் 15-க்கு முன் எனக்குச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பாம்பன் பக்கத்துப் படகு இன்ஜின் பட்டறைக்காரன்